மகள் கேட்ட கெரட்டின். நான் சொன்ன ஜன்னல்

கும்பகோணத்தில், வீட்டு முன்னறையில் 22 வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஐப்ரோ, ஃபேஷியல், மருதாணி, மணப்பெண் அலங்காரம், இவ்வளவுதான் என் தொழில். அழகுக்கலை படித்துவிட்டு வந்த என் மகள் இப்போது என்னோடு இருக்கிறாள்.

"அம்மா, புருவம் திருத்தியே எத்தனை நாள் ஓட்டறது? கேட்கிறவங்க எல்லாம் கெரட்டினும் ஸ்மூத்தனிங்கும்தான் கேட்கறாங்க. நாம இல்லேன்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடறாங்க" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் எனக்கு பயம் கூந்தலைப் பற்றி மட்டுமல்ல, அறையைப் பற்றியும்தான். எங்கள் பார்லர் பத்துக்குப் பத்து, ஏ.சி.க்காக இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்திருந்தோம்.

அவள் வாங்கி வந்த கெரட்டின் பாட்டிலை, என் முடியிலேயே ஒரு கற்றையில் பூசிப் பார்த்தோம். சூடான அயர்ன் பட்டதும் புகை எழும்பி, இருவருக்கும் கண் எரிந்து நீர் கொட்டியது. தொண்டையும் கரகரத்தது. லேபிளைப் படித்தால் 'மெத்திலீன் கிளைக்கால்' என்றிருந்தது. இது சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004ல் வகைப்படுத்தியிருக்கிறது. "வர்றவங்க வருஷத்துல ரெண்டு தரம் சுவாசிப்பாங்க, நீ தினமும் சுவாசிப்பேடி" என்றேன். பாட்டிலை மூடிவிட்டாள்.

"அப்போ கிரீம் போட்டுச் செய்யற ஸ்மூத்தனிங்?" என்றாள். அதில் ஃபார்மால்டிஹைடு சேராததாகப் பார்த்து வாங்கச் சொல்லி ஒப்புக்கொண்டேன். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டேன். ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வேண்டும். யாராக இருந்தாலும் முதலில் முடியைச் சோதிக்க வேண்டும். "வந்தவங்களைக் காக்க வெச்சா ஓடிடுவாங்கம்மா" என்று முணுமுணுத்தாள்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். பத்து நாளில் கல்யாணம். பேசிய தொகை நாலாயிரம் ரூபாய். மாதாமாதம் 'கறுப்பு மருதாணி' பூசுவதாகச் சொன்னாள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். ஸ்மூத்தனிங் மருந்தோடு சேர்ந்தால் முடி பாழாகலாம். பிடரியில், வெளியே தெரியாத இடத்தில் சில முடிகளை வெட்டி, கிரீம் பூசி, உரிய நேரம் வைத்துக் கழுவினாள் மகள். ஈரமாக இருக்கும்போதே மெல்ல இழுத்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கும். இதுவோ ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தது.

நான் வாய் திறக்கவில்லை. மகளே, "இப்போ வேணாம். தலை முழுக்கப் போட்டா கொத்துக் கொத்தா உடைஞ்சிடும். கல்யாணத்துக்குப் பூ வெச்சு அழகா பின்னிவிடறேன்" என்றாள். நாலாயிரம் போய், பின்னலுக்கு ஐந்நூறுதான் வந்தது.

இப்போது ஸ்மூத்தனிங் அவள் பொறுப்பு. கெரட்டின் மட்டும் எங்கள் பலகையில் இல்லை. அதில் அவளுக்கு இன்னும் மனக்குறைதான். தோழிகளே, நீங்கள் கூந்தலை நேராக்கப் போனால் பாட்டிலின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அயர்ன் பட்டதும் கண் எரிந்தால், வெட்கப்படாமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.