தலைமை நாற்காலிக்கு முன் ஓர் ஆண்டு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தலைமையாசிரியர் பதவிக்குத் தயாராவது என்றாலே துறைத் தேர்வுகளைத்தான் நினைக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. அவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. எழுதத்தான் வேண்டும். ஆனால், சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து, மனம் நோகாமல் உண்மையைச் சொல்வது எப்படி என்று அந்தத் தேர்வு கற்றுத்தராது. ஓராண்டுத் திட்டத்தில் பெரும்பங்கு இதற்கே போகவேண்டும் என்பேன்.

ஒரு கணித ஆசிரியை மாதம் இரண்டு வகுப்புகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அனுமதி கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதுவதில்லை. இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, பதில் சொன்ன பிள்ளையின் இடத்தில் ஒரு கோடு இழுக்கிறார். மணி அடிக்கும்போது 20 கோடுகள்; 16 முன்வரிசை இரண்டில்.

அன்றே தாளை நீட்டி, “இதுல உங்களுக்கு என்ன தெரியுது டீச்சர்?” என்று மட்டும் கேட்கிறார். “பின்னாடி யாரையுமே கேக்கலையே!” அடுத்த வாரம் பின்வரிசையிலிருந்து தொடங்குவது என்று இருவரும் முடிவுசெய்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் எண்ணுகிறார். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாம் வருகையைத்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் இப்போதே உட்காருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ரொக்கப் பதிவேட்டை எழுத்தரிடம் கேட்டு, ஒரு மாதக் கணக்கை ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறுப்பேற்ற பின் அதில் கையெழுத்து உங்களுடையது.