கார் குழந்தை இருக்கை: லேபிள் போட்டோவை வைத்துப் பார்ப்பது எப்படி?

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் காரில் பெல்ட் அல்லது குழந்தை இருக்கையில் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு. மீறினால் அபராதம் 1,000 ரூபாய். நம் கொரட்டூர் வீடுகளில் இந்த இருக்கை பெரும்பாலும் துபாயிலோ சவூதியிலோ இருக்கும் உறவினரிடமிருந்து கைமாறி வருகிறது. அதை அனுப்பும் முன்பே லேபிளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். லேபிள் இருக்கையின் முதுகுப் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும். சிலவற்றில் துணி உறையை விலக்கினால்தான் தெரியும்.

வந்த போட்டோவில் ஆரஞ்சு நிற லேபிள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
ECE R44/04
UNIVERSAL
9-18 kg  Y
E4
04xxxxxx
```

9-18 என்பது குழந்தையின் எடை, கிலோவில். Y என்றால் கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் உண்டு. வட்டத்துக்குள் இருக்கும் E அங்கீகார முத்திரை. அதனுடன் உள்ள எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். 4 என்றால் நெதர்லாந்து. அது தரத்துக்கான மார்க் அல்ல, ஆகவே E1 உசத்தி, E4 மட்டம் என்று இல்லை. கடைசி எண்தான் முக்கியம். அது 04 என்று தொடங்கினால் அந்த விதியின் நான்காவது திருத்தப்படி சோதித்தது. 01, 02 என்று தொடங்குபவை மிகப் பழையவை. ஐரோப்பாவில் 2008லேயே பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். R129 என்று இருந்தால் புதிய விதி; அதில் குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும்.

CE என்ற எழுத்துகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வேறு முத்திரை, விபத்துச் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம், எடை எட்டரை கிலோ என்றால்? மேலே சொன்ன இருக்கை இன்னும் பொருந்தாது. 13 கிலோ வரையிலான, பின்நோக்கி வைக்கும் இருக்கைதான் தேவை. ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் அதை வைக்கவே கூடாது. தடுப்பூசி அட்டையில் உள்ள எடை பழையதாக இருக்கலாம்; இன்று எடை போட்டுப் பாருங்கள்.

அமெரிக்க இருக்கைகளில் E முத்திரை இருக்காது. அந்நாட்டு வாகனப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். எடை பவுண்டில் வரும்: 40 lb என்பது 40 கிலோ அல்ல, 18 கிலோ. இந்த ஒரு குழப்பத்தால் நான்காம் வகுப்புப் பிள்ளையைச் சின்ன இருக்கையில் திணித்துவிடலாம்.

போட்டோவில் தெரியாத ஒன்று உண்டு: அந்த இருக்கை ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா என்பது. அதை அனுப்புகிறவரிடம் நேராகக் கேளுங்கள். லேபிளே கிழிந்து போயிருந்தால், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள்.