கோபுர விளக்கொளி: படத்தில் எப்படி ஒப்பிடுவது?

ஏழு நிலைக் கோபுரத்துக்கு முதல் நாள் சீரியல் பல்பும், மறுநாள் கீழிருந்து ஃபோகஸ் லைட்டும் போட்டால், இரண்டு இரவுப் படங்களையும் ஒப்பிட ஒரே இடம், ஒரே எக்ஸ்போஷர் வேண்டும். செல்போனை ஆட்டோவில் விட்டால் அதுவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், ஒப்பீடு பொய்யாகும். ஸ்டாண்டில் நிறுத்தி, ISO, ஷட்டர் நேரம் இரண்டையும் ஒருமுறை வைத்தால் அதை இரண்டு நாளும் மாற்றக்கூடாது.

முதலில் ஒரே வண்ணம் பூசிய இரண்டு இடங்களை, அடிநிலையில் ஒன்றும் உச்சிக்கருகே ஒன்றுமாகப் பார்க்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்பங்காகும். அதனால் ஃபோகஸ் லைட் படத்தில் அடிநிலை வெளுத்து, கலசம் இருட்டில் கரைந்திருக்கும். விளக்கைத் தள்ளி வைத்தால் இந்த வித்தியாசம் குறையும்.

கூச்சம் விளக்கைச் சுற்றிய வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதற்குள் விவரமே இராது. ஆனால் லென்ஸில் விரல்ரேகை இருந்தாலும் இப்படித்தான் தெரியும், துடைத்துவிட்டு எடுப்பது நல்லது.

சீரியல் பல்பு விளிம்பை மட்டும் வரைகிறது, சுதைச் சிற்பங்கள் மறைகின்றன. நேரெதிர் வெளிச்சமும் அவற்றைத் தட்டையாக்கும். பக்கவாட்டு ஒளியில்தான் துவாரபாலகரின் கை நிழல் சுவரில் விழும்.