இது லீவு இல்லை, வந்தாச்சு

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புபவர் திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், ஒரு மணி நேரத்துக்குள் வரும் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை நாள் லீவு?” லீவில் வந்தவருக்கு அதற்குப் பதில் உண்டு. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக வந்தவர் அந்த இடத்தில் தடுமாறிப்போகிறார். சந்தோஷத்தைச் சொல்வதா, அடுத்து என்ன என்று தெரியாததைச் சொல்வதா? படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரிதான் இந்த இரண்டையும் சுமக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே தடவை எழுதும் வரிகள் என்பதால், கொஞ்சம் யோசித்தே எழுதலாம்.

பேராவூரணிப் பக்கத்து நண்பர் ஒருவர் ஷார்ஜாவில் 16 வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தார். படத்தோடு போட அவர் முதலில் எழுதி வைத்திருந்தது இது:

“16 வருட வனவாசம் முடிந்தது! சொர்க்கமே என்றாலும் சொந்த மண் போல வருமா? இனி ஊரே என் உலகம்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை யார் யார் படிப்பார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் அவரோடு படுத்திருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். டூட்டி முடிந்து வந்து போனைத் திறக்கும் அவர்களுக்கு ‘வனவாசம்’ என்ற சொல் எப்படி இருக்கும்? தங்கை கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் சம்பளம் தந்த ஊர் அது. அதைக் காடு என்று சொன்னால், அங்கே இருப்பவர்களின் உழைப்பையும் சேர்த்தே குறைத்துச் சொன்னதாகிவிடும். அடுத்தது ‘இனி ஊரே உலகம்’. ஊருக்கு வந்து ஒரு வருஷம் தொழில் பார்த்துவிட்டு, சரிவராமல் மறுபடி விசா எடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இப்படி ஒரு சபதத்தை எல்லார் முன்னாலும் வைத்துவிட்டால், திரும்பப் போக நேரும் நாளில் அந்த வரியே அவரைக் குத்தும்.

இதைச் சொன்னதும் நண்பர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். இரண்டாவதாக எழுதியது: “ஊருக்கு வந்தது சந்தோஷம்தான், ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.”

உண்மையான வரிதான், அமைப்பில்தான் கோளாறு. ‘சந்தோஷம்தான், ஆனால்’ என்று ஆரம்பித்ததுமே சந்தோஷம் ஒப்புக்குச் சொன்னதாக ஆகிவிடுகிறது. படிப்பவர் மனதில் கடைசியில் நிற்பது ‘தெரியவில்லை’ மட்டும். அதைப் பார்த்து மாமா, சித்தப்பா எல்லாம் போன் பண்ணி விசாரிக்க ஆரம்பிப்பார்கள். கம்பெனியில் ஏதோ பிரச்சினை, அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும்.

அவருடைய தயக்கத்துக்கு நிஜமான கணக்கு இருந்தது. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, வேலையை முடித்துக்கொண்டு வருபவருக்கு முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதற்கு மேல் வருஷம் 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வரும். அவருடைய அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம், அதாவது நாளுக்கு 50. 105 நாளும் 330 நாளும் சேர்ந்து 435 நாள். மொத்தம் 21,750 திர்ஹாம். நம் பணத்தில் சுமார் 5 லட்சம். ஓவர்டைம், படி எதுவும் இந்தக் கணக்கில் சேராது என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. 16 வருஷத்துக்கு இவ்வளவுதானா என்ற திகைப்போடுதான் அவர் விமானம் ஏறியிருக்கிறார். இந்தத் தொகையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதே சமயம் ‘செட்டில் ஆயிட்டேன்’ என்றும் எழுதக் கூடாது. அந்தச் சொல்லைப் பார்த்தால் கைமாற்றுக் கேட்டு வருபவர்கள் உண்டு, சீட்டில் சேரச் சொல்பவர்கள் உண்டு, மனை விற்க வருபவர்களும் உண்டு.

சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு வழி அவர் தோப்பிலேயே இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது அவர் ஷார்ஜாவில் இருந்தார். விழுந்த மரங்களைப் போனில்தான் பார்த்தார். அடுத்த வருஷம் வீட்டில் புதுக் கன்று வைத்தார்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் பிடிக்கும். அவர் வந்த சமயத்தில் அவை முதல் பாளை விட்டிருந்தன. விமான நிலையப் படத்தை விட்டுவிட்டு, அந்தப் பாளைக்குப் பக்கத்தில் நிற்கும் படத்தை எடுத்துக்கொண்டோம். கீழே எழுதியது:

“ஷார்ஜா கணக்கை முடிச்சுட்டு வந்தாச்சு. இது லீவு இல்லை. என்ன தொழில்னு இன்னும் முடிவு பண்ணலை, தை வரைக்கும் யோசிக்கணும். கஜாவுக்கு அப்புறம் அப்பா வச்ச கன்று பாளை விட்டிருக்கு, இப்பதான் நேர்ல பார்க்கிறேன். ரூம்ல இருக்கிற எல்லாரும் லீவுக்கு வந்தா இங்கதான் இளநீர்.”

இதில் ‘சந்தோஷம்’ என்ற சொல்லே இல்லை, பாளை அதைச் சொல்லிவிடுகிறது. தெரியாததை நடுவில் வைத்து, ‘தை வரைக்கும்’ என்று ஒரு கெடுவும் கொடுத்தாயிற்று. கெடு இல்லாத ‘தெரியலை’ கலக்கமாகப் படும். கெடுவோடு சொன்னால், யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று ஊர் விட்டுவிடும். ‘இது லீவு இல்லை’ முன்னாலேயே வருவதற்கும் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரி மட்டுமே தெரியும், மிச்சத்தைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதில் பெரும்பாலோர் ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். விசா கேன்சலாகி, கணக்குப் பணம் வங்கிக்கு வந்த பிறகே போட வேண்டும். வேலை முடிந்த 14 நாளுக்குள் முதலாளி பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் விடைபெறும் வரிகளை எழுதிவிட்டு, பிறகு பணத்துக்காக நடப்பது வேதனை. போர்டிங் பாஸைப் படம் எடுத்துப் போடவே கூடாது. அதிலுள்ள பார்கோடில் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. தெரிந்தவர் அதைப் படித்து உங்கள் டிக்கெட் விவரத்துக்குள் நுழைய முடியும்.

எழுதியதைப் போடுவதற்கு முன்னால் மனைவியிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இத்தனை வருஷம் பள்ளிக்கூடக் கட்டணத்திலிருந்து பெரியவர்களின் மருத்துவமனை வரைக்கும் தனியாகப் பார்த்தவர் அவர். ஒரேயடியாக வருவது அவருடைய அன்றாடத்தையும் புரட்டிப்போடுகிறது. நண்பரின் மனைவி படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தில்தான் விரல் வைத்தார். “என்னங்க, மாமா கன்னு வச்சது சரி. ரெண்டு கோடைக்கும் குடத்துல தண்ணி ஊத்துனது யாரு?”

‘அப்பா வச்ச கன்று’ என்பதை ‘அப்பா வச்சு, இவ தண்ணி ஊத்தி வளர்த்த கன்று’ என்று திருத்தி, அன்று சாயங்காலமே போட்டார்.