பச்சையாகவே இருந்த டாஷ்போர்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு சேமிப்புக் கிடங்கின் பழைய சரக்கிருப்பு மென்பொருளை மாற்றும் வேலையில் இருந்தேன். 20 வாரம், 1000 மணி நேர வேலை என்று திட்டம். வாராவாரம் மேலே போகும் டாஷ்போர்டைத் தயார் பண்ணியவன் நான்தான். அதனால் இந்தக் கதையில் குற்றவாளி யாரென்று தேட வேண்டாம்.

20-வது வாரம் முடியும்போது கிடங்கின் பொறுப்பாளர் ஃபோன் பண்ணினார். "தம்பி, அடுத்த வாரம் ஸ்டாக் எடுக்கணும். புது சிஸ்டத்துல எங்க சரக்கெல்லாம் ஏறிடுச்சா?" டாஷ்போர்டைப் பார்த்தேன். 0.96, பச்சை. "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு சார்" என்றேன். எதற்கும் கேட்டுவைப்போமே என்று, தரவு மாற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். "சோதனை ஏற்றமே இன்னும் சரியா வரலையே. ஒரு மாசமா மீட்டிங்ல சொல்லிட்டுதானே இருக்கேன்" என்றார். சொல்லியிருந்தார். பச்சையைப் பார்த்துவிட்டு நாங்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தோம்.

அந்த 0.96 எங்கிருந்து வந்தது? இதுவரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் மணிகள் B பத்தியில். உண்மையில் முடிந்த வேலைக்குத் திட்டத்தில் ஒதுக்கியிருந்த மணிகள் C பத்தியில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது எஸ்.பி.ஐ (வங்கி இல்லை, கால அட்டவணைக் குறியீடு). நான் எழுதியிருந்தது இதுதான்:

```
=IF(C20/B20>=0.95,"GREEN",IF(C20/B20>=0.85,"AMBER","RED"))
```

கணக்கில் தப்பே இல்லை. பிரச்சினை 14-வது வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அப்போது தரவு மாற்றத்தின் 80 மணியும் முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 40. ஒரே பொருளுக்குப் பழைய சிஸ்டத்தில் மூன்று குறியீடுகள். எதை வைத்துக்கொள்வது என்று கிடங்குக்காரர்கள் சொல்லவேண்டும். அந்தக் காத்திருப்புக்கு மணிக்கணக்கே கிடையாது. சும்மா இருப்பானேன் என்று மற்றவர்கள், 15, 16-வது வாரங்களுக்கு வைத்திருந்த அறிக்கைத் திரைகளை முன்கூட்டியே செய்தார்கள். அது ஒரு 40 மணி. ஆக, திட்டமிட்டது 800, முடிந்தது 800. எஸ்.பி.ஐ சரியாக 1.00!

ஆனால் அந்த இரண்டு 40-ம் ஒன்றல்ல. அறிக்கைத் திரைக்காக யாரும் காத்திருக்கவில்லை. தரவு ஏறாமல் இறுதிச் சோதனையைத் தொடவே முடியாது. எஸ்.பி.ஐ-க்கு எல்லா மணியும் ஒரே மணிதான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. 20-வது வாரத்தோடு திட்டம் முடிந்துவிட்டதால் B பத்தி 1000-லேயே நின்றுவிட்டது. C மட்டும் மெல்ல ஏறியது: 20-ல் 960, 22-ல் 970, 24-ல் 990. குறியீடு 0.96, 0.97, 0.99. அதாவது தாமதம் ஆக ஆகப் பச்சை இன்னும் நல்ல பச்சையானது. 25-வது வாரம் வேலை முடிந்தபோது 1.00. ஐந்து வாரம் லேட்டான ப்ராஜெக்ட், காகிதத்தில் நூற்றுக்கு நூறு. எவ்வளவு தாமதமானாலும் முடிந்துவிட்டால் இந்தக் குறியீடு 1-க்குத்தான் வந்து நிற்கும். வேறு வழியே இல்லை.

இதற்கு ஒரு மாற்றை 2003-ல் வால்ட் லிப்கே எழுதினார். அமெரிக்க விமானப்படையின் மென்பொருள் பிரிவில் இருந்தவர். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இப்போது முடிந்திருக்கும் வேலை, திட்டப்படி எந்த வாரத்தில் முடிந்திருக்க வேண்டும்? எங்கள் திட்டத்தில் 18-வது வாரத்துக்கு 960, 19-க்கு 980. அப்படியென்றால் 22-வது வாரத்தில் எங்களிடம் இருந்த 970 என்பது 18.5-வது வாரத்து வேலை. மூன்றரை வாரம் பின்தங்கல். 18.5-ஐ 22-ஆல் வகுத்தால் 0.84, என் சூத்திரத்திலேயே சிவப்பு.

இதையும் முழுசாக நம்ப முடியாது. 14-வது வாரத்தில் இந்த முறையைப் போட்டிருந்தாலும் 14 என்றுதான் வந்திருக்கும், ஏனென்றால் அதுவும் மொத்த மணிகளைத்தான் பார்க்கிறது. அதைப் பிடிக்க வேறொன்று வேண்டும்: எந்த வேலைக்காக மற்ற வேலைகள் காத்திருக்கின்றனவோ, அதன் தேதி. "எத்தனை சதவீதம் முடிஞ்சுது" என்று கேட்காமல், "சோதனை ஏற்றம் எந்தத் தேதியில முடியும்" என்று அதைச் செய்பவரிடமே கேட்டு, போன வாரம் சொன்ன தேதிக்குப் பக்கத்தில் இந்த வாரத் தேதியை எழுதவேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து தேதி ஒரு வாரம் ஒரு வாரமாகத் தள்ளிப்போனால், அந்த வேலை அசையவில்லை என்று அர்த்தம்.

இப்போது என் டாஷ்போர்டில் முதல் வரி அந்தத் தேதிகள்தான். நிறம் கீழே எங்கேயோ இருக்கிறது. கிடங்குப் பொறுப்பாளர் அந்த வருடம் ஸ்டாக்கை நோட்டுப் புத்தகத்தில்தான் எடுத்தார். நாலு பேர், மூன்று நாள். அதை ஏற்ற நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன்.