சிங்கப்பூருக்குச் சுற்றுவழி

2013-இல் டோட்டா 2 வெளிவந்த காலத்தில், சென்னையிலிருந்து ஆடியவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது சிங்கப்பூர் சர்வரைத்தான். இரண்டு ஊருக்கும் நடுவே கடலடி கேபிள் 2000-களின் தொடக்கத்திலேயே போட்டாயிற்று. நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர 32 மில்லிநொடி. அப்படியானால் பிங் 40-ஐ ஒட்டி வர வேண்டும். சில இணைப்புகளில் அது 200-ஐத் தாண்டியது.

காரணம் கேபிள் அல்ல, பாதை. எந்த வலையமைப்பு வழியாக அனுப்புவது என்பதை இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தத்தையும் செலவையும் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. நேரம் அந்தக் கணக்கில் வராது. அதனால் சிங்கப்பூருக்குப் போக வேண்டிய பாக்கெட், ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுப் போவதும் உண்டு. `tracert` போட்டால் நடுவில் லண்டன், மார்செய் என்று ஊர்ப்பெயர் கொண்ட ரவுட்டர்கள் தலைகாட்டும். பதில் திரும்பும் பாதை சுற்றினாலோ, அது இதில் தெரியவே தெரியாது.

விபிஎன் கைகொடுத்தது இங்கேதான். அதைப் போட்டதும் பாக்கெட்டின் முகவரி மாறுகிறது. முகவரி மாறினால் பாதையும் மாறலாம். நேரடியாக 210 காட்டும் ஒரு இணைப்பை எடுத்துக்கொள்வோம். அதே இணைப்பிலிருந்து சிங்கப்பூரில் உள்ள விபிஎன் சர்வருக்கு 38, அங்கிருந்து கேம் சர்வருக்கு 2, மறையாக்கத்துக்கு ஓரிரண்டு. மொத்தம் 42. விபிஎன் சர்வருக்கே 200 ஆகிறதென்றால் அதே சுற்றுவழிதான், காசு வீண்.

இன்று நிலைமை வேறு. 2020-இல் வந்த வாலரன்டுக்கு மும்பையிலேயே சர்வர் இருக்கிறது. வால்வ் நிறுவனம் சென்னையிலும் மும்பையிலும் ரிலே வைத்து, தன் சொந்த வலையமைப்பில் பாக்கெட்டை ஏற்றிக்கொள்கிறது. முன்பு காசு கொடுத்து வாங்கிய வேலையை இப்போது கேமே செய்துவிடுகிறது. சென்னையில் உட்கார்ந்து மும்பை சர்வரில் 25 வாங்குபவர் சிங்கப்பூர் விபிஎன்னைப் போட்டால், பாக்கெட் கடல் தாண்டிப் போய்த் திரும்ப மும்பை வர வேண்டும்; 100-ஐ நெருங்கிவிடும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் கோளாறுக்கும் விபிஎன் மருந்தல்ல. முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே பிங் போட்டுப் பாருங்கள், உதாரணமாக:

```
ping 192.168.1.1
```

வைஃபையில் இது 3, 80, 5, 120 என்று குதித்தால் பாக்கெட் வாசலைத் தாண்டும் முன்பே தடுமாறுகிறது. கேபிளைச் செருகுங்கள். ரவுட்டர் வரை சீராக இருந்து, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் வெளியே பிங் ஏறுகிறதா? இலவச சோதனைக் காலம் தரும் விபிஎன் ஒன்றை அந்த நேரத்திலேயே போட்டு, கேமுக்குள் காட்டும் எண்ணை ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் சந்தா கட்டாதீர்கள்.