பத்துத் தடவை என்றால் எப்போது எப்போது?

காலையில் கறக்க உட்கார்ந்தால் மாடு உதைக்கிறது. பின்பக்கத்து வலது காம்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பீய்ச்சிய பால் தண்ணீராகவும் திரிதிரியாகவும் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா மருத்துவருக்குப் போன் போட்டார்.

"மடிநோய்தாம்மா. கத்தாழை கால் கிலோ, மஞ்சத்தூள் அம்பது கிராம், சுண்ணாம்பு பதினஞ்சு கிராம். அரைச்சு தினமும் பத்துத் தடவை, அஞ்சு நாள் தடவுங்க. காய்ச்சல் பாத்துட்டுச் சொல்லுங்க."

அரை நிமிடத்தில் பேச்சு முடிந்தது. இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை வைத்தியம்தான். ஆனால் பத்துத் தடவையை எங்கே வைப்பது? பலர் காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று முடித்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்பார்கள்.

காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆறு, ஏழரை, ஒன்பது என்று போனால் பத்தாவது தடவை இரவு ஏழரைக்கு வரும். தாளில் பத்துக் கட்டம். தடவியதும் ஒரு கோடு.

சுண்ணாம்பைக் கண்ணளவில் போடக் கூடாது. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அரைத்தால் விழுது சிவக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அது ஒரு நாளைக்கான மருந்து, மறுநாள் புதிதாக அரைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் காம்பிலிருக்கும் பாலை ஒட்டப் பீய்ச்சி, மடியைக் கழுவி, கைப்பிடி விழுதில் ஒரு தம்ளர் தண்ணீர் கலந்து மடி முழுக்கப் பூச வேண்டும். பால் உள்ளே தங்கினால் பூச்சு வீண். கெட்ட பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள், கிருமி அடுத்த மாட்டுக்குப் போகும். நோயுள்ள காம்பைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.

தாளின் ஓரத்தில் இன்னொரு வரிசை: காலை, மாலை காய்ச்சல், தீனி, பாலின் நிறம். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் மாட்டுக்குச் சாதாரணமாக 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டும். எங்கள் மாட்டுக்கு முதல் நாள் 103 இருந்தது. 104-ஐத் தாண்டினாலோ, தீனியை விட்டாலோ, மடி சில்லிட்டு நீலம் பாரித்தாலோ பூச்சை நம்பி உட்காரக் கூடாது. மருத்துவர் நேரில் வந்தாக வேண்டும். ஊசி போட்டால் கடைசி ஊசியின் தேதியையும் எழுதுங்கள். எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதை அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை திரி நின்றது. அக்கா நிறுத்தப் பார்த்தார். தாளில் இன்னும் இருபது கட்டம் பாக்கி இருந்தது. ஐந்து நாளும் பூசினோம்.

மருத்துவரிடம் பேசும்போது போனை வைக்குமுன் ஒன்று கேளுங்கள்: "சார், எதைப் பார்த்தால் உங்களுக்கு உடனே போன் போடணும்?" அந்தப் பதிலைத் தாளின் தலையில் எழுதுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் 1962-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது.